மூன்று கோடுகளும் ஒரு புள்ளியும்

ஒரு பொருள் இன்ன வெப்பநிலையில், இன்ன அழுத்தத்தில் திண்மமாக இருக்குமா, திரவமாக இருக்குமா, வாயுவாக இருக்குமா என்ற கேள்விக்கு விடை சொல்லும் படம் நிலைமை வரைபடம். வேதியியல் பாடப் புத்தகங்களில் அது ஒரு கவைக்கொம்பைச் சாய்த்து வைத்ததுபோல் இருக்கும். கீழே இடது ஓரத்திலிருந்து ஒரு கோடு ஏறி வரும். ஓரிடத்தில் அது இரண்டாகக் கிளைக்கும். ஒரு கிளை ஏறக்குறைய நட்டக்குத்தலாக மேலே போகும். மற்றது வலப்பக்கம் வளைந்து ஏறி, வெற்றுத் தாளின் நடுவே எந்தக் காரணமும் தெரியாமல் நின்றுவிடும். கிடைக்கோட்டில் வெப்பநிலை, குத்துக்கோட்டில் அழுத்தம். படத்தில் இருப்பது இவ்வளவுதான். இதைப் படிக்கப் பழக நீரை எடுத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அதன் பாதி விடைகள் சமையலறையிலேயே கிடைக்கின்றன.

கோடுகள் தாளை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன. இடப்பக்கம் பனிக்கட்டி, நடுவில் மேலே நீர், வலப்பக்கமும் அடியிலும் நீராவி. ஒரு வெப்பநிலையும் ஓர் அழுத்தமும் சேர்ந்தால் தாளில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எந்தப் பகுதிக்குள் விழுகிறதோ, பொருள் அந்த நிலையில் இருக்கும். கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். அந்த உயரத்தில் தாளின் குறுக்கே ஓர் அடிக்கோலை வைத்து இடமிருந்து வலமாக விரலை நகர்த்தினால், குளிர்ந்த பனிக்கட்டியைச் சூடாக்குவதாகப் பொருள். விரல் 0 டிகிரியில் முதல் கோட்டைக் கடக்கும், கட்டி உருகும். 100 டிகிரியில் இரண்டாவது கோட்டைக் கடக்கும், நீர் கொதிக்கும். பள்ளியில் நீரின் குணமாக மனப்பாடம் செய்த அந்த இரண்டு எண்களும் இந்த ஓர் அடிக்கோலின் எண்கள்தான். கோலைச் சற்று மேலோ கீழோ நகர்த்தினால் இரண்டுமே மாறிவிடும். முதலாவது கண்ணுக்குத் தெரியாத அளவு மாறும், இரண்டாவது வெகுவாக மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாடப் புத்தகப் படங்களில் பெரும்பாலானவை அளவுக்கு வரையப்பட்டவை அல்ல. நீரின் முக்கியமான இடங்களில் ஒன்று 0.6 கிலோபாஸ்கலில் இருக்கிறது, இன்னொன்று 22,000 கிலோபாஸ்கலுக்கும் மேலே இருக்கிறது. இரண்டையும் சரியான அளவில் ஒரே தாளில் வரைந்தால் முதலாவது அடிக்கோட்டோடு ஒட்டிப் போய்விடும். அதனால் ஓவியர்கள் இழுத்தும் சுருக்கியும் வரைகிறார்கள், அல்லது அழுத்த அச்சில் ஒவ்வொரு படியும் பத்து மடங்காகப் பெருகும்படி வைக்கிறார்கள். அச்சில் எண் போடாத படத்திலிருந்து வடிவத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். தூரத்தை அளக்கக் கூடாது.

மூன்று கோடுகளில் அதிகம் பேசுவது வலப்பக்கம் ஏறும் கொதிகோடு. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டால் மற்ற இரண்டும் எளிதாகப் பிடிபடும். காற்றை முழுவதும் உறிஞ்சி வெளியேற்றிய ஒரு மூடிய பாத்திரத்தில் பாதியளவு நீர் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வெப்பநிலை 30 டிகிரி. நீரிலிருந்து ஆவி கிளம்பி மேலே இருக்கும் வெற்றிடத்தை நிரப்பத் தொடங்கும், அழுத்தமானி ஏறும். 4.2 கிலோபாஸ்கல் வந்ததும் முள் நின்றுவிடும். அதற்குப் பிறகும் நீரிலிருந்து மூலக்கூறுகள் கிளம்பிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் கிளம்புகிற அளவுக்கே ஆவியிலிருந்து நீருக்குத் திரும்பியும் வருகின்றன. பாத்திரம் பெரிதானாலும் சரி, நீர் ஒரு கரண்டியே இருந்தாலும் சரி, திரவமும் ஆவியும் கூடவே இருக்கும் வரை முள் 4.2-ஐ விட்டு நகராது. அந்த அழுத்தம்தான் 30 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம். வெப்பநிலையை 60 ஆக்கினால் முள் 20 காட்டும். 80 டிகிரியில் 47, 100-இல் 101, 120-இல் 199. இந்தப் புள்ளிகளை வரிசையாகச் சேர்த்தால் கொதிகோடு கிடைக்கும். வலப்பக்கம் போகப்போக அது செங்குத்தாகிக்கொண்டே போவதன் காரணமும் இந்த எண்களிலேயே இருக்கிறது.

ஆவி அழுத்தத்தின் கோட்டுக்குக் கொதிகோடு என்ற பெயர் ஏன்? கொதித்தல் என்பது நீரின் மேற்பரப்பில் நடப்பதல்ல. உள்ளே, பாத்திரத்தின் அடியில், ஆவிக் குமிழி பிறந்து நிலைத்து நிற்பதுதான் கொதித்தல். குமிழிக்குள் இருப்பது வெறும் ஆவி. வெளியே இருந்து காற்று நீரை அழுத்துகிறது, நீர் குமிழியை அழுத்துகிறது. ஆவியின் அழுத்தம் அதற்கு ஈடுகொடுக்க முடியாத வரை குமிழி பிறந்த உடனே நசுங்கிவிடும். ஈடுகொடுக்கும் வெப்பநிலை வந்ததும் குமிழி தாக்குப்பிடித்து மேலே வரும். ஆக, வெளி அழுத்தத்தைக் குத்துக்கோட்டில் பார்த்து, அந்த உயரத்தில் கொதிகோட்டைத் தொட்டு, கீழே இறங்கி வெப்பநிலையைப் படித்தால் அதுதான் அந்த இடத்தின் கொதிநிலை.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 77 கிலோபாஸ்கல். கொதிகோட்டில் 77-க்கு நேராக 92 டிகிரியும் சொச்சமும் வருகிறது. ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீர் அவ்வளவுதான் சூடாகும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் நீர் வேகமாக வற்றுமே ஒழிய வெப்பநிலை ஏறாது, பருப்பு வேகவும் நேரமாகும். எவரெஸ்ட் உச்சிக்குப் போனால் கொதிநிலை 71 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும்.

மலைக்குப் போகாமலே இதைப் பார்க்கலாம். ஊசியில்லாத பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்சில் 60 டிகிரி அளவுக்குச் சூடான நீரைக் கால்வாசி இழுத்து, காற்றுக் குமிழி இல்லாமல் தள்ளிவிட்டு, முனையை விரலால் இறுக அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னுக்கு இழுத்தால் போதும். நீர் கொதிக்கும். சிரிஞ்சுக்குள் அழுத்தம் 20 கிலோபாஸ்கலுக்கு இறங்கியவுடன் அந்தப் புள்ளி கொதிகோட்டைத் தொட்டுவிடுகிறது. வரைபடத்தில் இது விரலைக் குறுக்கே நகர்த்துவது அல்ல, 60 டிகிரியில் நேர்கீழே இறக்குவது. சூடாக்காமலே கோட்டைக் கடக்கும் வழி இது. தண்டை விட்டால் புள்ளி மேலே ஏறும், ஆவி சட்டென்று நீராகிக் குமிழிகள் மறையும்.

பிரஷர் குக்கர் இதற்கு எதிர்த்திசை. அதன் வெயிட், உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியைவிட இன்னொரு வளிமண்டல அளவு கூடும் வரை ஆவியை விடாது. உள்ளே மொத்தம் ஏறத்தாழ 200 கிலோபாஸ்கல். கோடு சொல்வது 120 டிகிரி. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பொடி இருக்கிறது. கோடு சொல்வது ஆவியின் அழுத்தத்தை. குக்கரில் தொடக்கத்தில் இருப்பதோ காற்று. மூடியை இறுக்கியதும் வெயிட்டையும் போட்டுவிட்டால், அடைபட்ட காற்றும் சூடாகி அழுத்தம் கொடுக்கும். 30 டிகிரியில் அடைபட்ட காற்று 95 டிகிரியில் மட்டும் தனியாக 118 கிலோபாஸ்கல் அழுத்தும். அந்த வெப்பநிலையில் நீராவியின் பங்கு 85. இரண்டும் சேர்ந்து 203. எனவே 95 டிகிரியிலேயே வெயிட் தூக்கிவிடும், உள்ளே இருக்கும் அரிசிக்கோ திறந்த பாத்திரத்தின் சூடுகூட இன்னும் வந்திருக்காது. முதல் விசில் பெரும்பாலும் காற்றின் விசில். மூடியின் துளையிலிருந்து ஆவி நேராகப் பீறிட்டு வந்த பிறகே வெயிட்டைப் போட வேண்டும் என்று குக்கரோடு வரும் கையேடு சொல்வது காற்றை முதலில் துரத்திவிடத்தான்.

படத்தைப் படிப்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவதும் இதே இடத்தில்தான். 30 டிகிரி, 101 கிலோபாஸ்கல் என்ற புள்ளி திரவப் பகுதியின் நடுவே இருக்கிறது. அப்படியானால் கொடியில் போட்ட துணி எப்படிக் காய்கிறது? வரைபடம் ஒரே ஒரு பொருளுக்கு, தனி நீருக்கு, வரையப்பட்டது. அதில் உள்ள அழுத்தம் நீர் மட்டும் இருக்கும் பாத்திரத்தின் அழுத்தம். மொட்டைமாடிக் காற்றில் 101 கிலோபாஸ்கலில் பெரும்பகுதி நைட்ரஜனுடையதும் ஆக்சிஜனுடையதும். நீராவியின் பங்கு ஒன்றிரண்டிலிருந்து நாலு வரை. அந்தப் பங்கு 4.2-க்குக் கீழே இருக்கும் வரை 30 டிகிரியில் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மழைநாளில் அது 4.2-ஐ நெருங்கும்போது துணி காயாது. ஆக, உலர்வதைக் கணக்கிட நீராவியின் பங்கைப் பார்க்க வேண்டும், கொதிப்பதைக் கணக்கிட மொத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் கோடு ஒன்றுதான், குத்துக்கோட்டில் வைக்கும் எண்தான் வேறு.

இப்போது கவைக்கொம்பின் அடித்தண்டு. இது பதங்கமாதல் கோடு, பனிக்கட்டிக்கும் ஆவிக்கும் இடையிலான எல்லை. பனிக்கட்டிக்கும் ஆவி அழுத்தம் உண்டு, மிகச் சிறியது. மைனஸ் 10 டிகிரியில் 0.26 கிலோபாஸ்கல், மைனஸ் 20-இல் 0.1. ஃப்ரீசரில் மறந்துபோன ஐஸ் கட்டிகள் உருகாமலே சில வாரங்களில் சிறுத்துப்போவது இதனால்தான். உறைய வைத்து உலர்த்தும் தொழில் முழுவதும் இந்தக் கோட்டின்மேல் நடக்கிறது. காப்பி டிகாக்ஷனை உறைய வைத்து, அறையின் அழுத்தத்தை 0.6 கிலோபாஸ்கலுக்கு நன்றாகக் கீழே இறக்கி, பிறகு மெல்லச் சூடு கொடுப்பார்கள். அந்த உயரத்தில் அடிக்கோலை வைத்து வலப்பக்கம் நகர்ந்தால் நீர்ப்பகுதியே குறுக்கிடாது. கட்டி நேராக ஆவியாகும், மணம் பெரும்பாலும் தங்கிவிடும். அவசரப்பட்டு சூட்டைக் கூட்டினால் ஆவி வெளியேற்றப்படும் வேகத்தைவிட உற்பத்தியாகும் வேகம் மிஞ்சி, அழுத்தம் ஏறி, புள்ளி திரவப் பகுதிக்குள் நழுவிவிடும். மொறுமொறுப்பாக வரவேண்டியது குழைந்து சரிந்து கிடக்கும்.

மேலே நட்டக்குத்தலாகப் போகும் கிளை உருகுகோடு. உற்றுப் பார்த்தால் நீரின் உருகுகோடு இடப்பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்திருக்கும். பெரும்பாலான பொருள்களில் அது வலப்பக்கம் சாயும். அழுத்தம் கூடும்போது பொருள் குறைந்த இடத்தில் அடங்கும் நிலையை நாடுகிறது. மற்றப் பொருள்களில் அது திண்மம். பனிக்கட்டியோ உருகினால் சுருங்குகிறது, அதனால்தான் அது நீரில் மிதக்கிறது. ஆகவே அழுத்தினால் நீராக மாறும் பக்கம் சாய்கிறது, உருகுநிலை இறங்குகிறது. ஜேம்ஸ் தாம்சன் 1849-இல் இதைக் கணக்கிட்டுச் சொன்னார். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன அவருடைய தம்பி வில்லியம் தாம்சன் மறு ஆண்டே அளந்து சரிபார்த்தார். ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு 0.0075 டிகிரி இறக்கம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் ஒரு பழைய கதை உதிர்ந்துவிடும். பனிச்சறுக்குக் காலணியின் கத்திமுனை பனியை அழுத்தி உருக்குவதால்தான் வழுக்குகிறது என்று பல புத்தகங்கள் எழுதின. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மூன்று சதுர சென்டிமீட்டர் பரப்பில் நின்றால் ஏறத்தாழ 20 வளிமண்டல அழுத்தம் கிடைக்கும். உருகுநிலை 0.15 டிகிரி இறங்கும். மைனஸ் 10 டிகிரிப் பனியில் இது எந்த மூலைக்கு? வழுக்குவதற்குக் காரணம் உராய்வின் சூடும், பனியின் மேற்பரப்பில் இயல்பாகவே தளர்ந்து கிடக்கும் மெல்லிய படலமும்தான். கோட்டின் திசை சரிதான், சாய்வு போதாது.

மூன்று கோடுகளும் சந்திக்கும் இடம் மும்மைப் புள்ளி. நீருக்கு அது 0.01 டிகிரி, 0.6117 கிலோபாஸ்கல். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் நூற்று அறுபதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அங்கே பனிக்கட்டி, நீர், ஆவி மூன்றும் ஒரே பாத்திரத்தில் ஒன்றை ஒன்று தின்னாமல் கூடியிருக்கும்.

அந்த இடத்துக்குப் போகும் வழி பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். கண்ணாடி மணிச்சாடிக்குள் 30 டிகிரி நீர் 100 கிராம் வைத்து, பம்பால் காற்றை உறிஞ்ச வேண்டும். முதலில் கரைந்திருக்கும் காற்று சிறு குமிழிகளாக வெளியேறும், அதைக் கொதிப்பென்று நினைக்கக் கூடாது. அழுத்தம் 4.2-க்கு இறங்கியதும் உண்மையான கொதிப்பு தொடங்கும், பெரிய குமிழிகள் அடியிலிருந்து துள்ளி எழும். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை நீர் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது, வேறு யாரும் கொடுக்கவில்லை. அதனால் கொதிக்கக் கொதிக்கக் குளிர்கிறது. பம்பு விடாமல் இழுக்க, புள்ளி கொதிகோட்டின்மேலேயே இடப்பக்கம் சறுக்கி இறங்கும். 20 டிகிரி, 10 டிகிரி, பிறகு சுழி. 100 கிராமில் ஐந்து கிராம் ஆவியாகிப் போவதற்குள் மீதி 95 கிராமும் 0 டிகிரிக்கு வந்துவிடும். 0.61-ஐ நெருங்கும்போது குமிழிகளுக்கு நடுவே பனித்துண்டுகள் தோன்றும். ஒரே நேரத்தில் கொதிப்பும் உறைவும். அந்த இடத்தில் எவ்வளவு பம்பு செய்தாலும் மானியின் முள் இறங்காமல் அடம்பிடிக்கும். இறக்க முயலும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் நீர் ஆவியாகி இழந்த அழுத்தத்தை ஈடுகட்டும், அந்த ஆவிக்கு வேண்டிய வெப்பத்தைத் தருவதற்காக இன்னும் கொஞ்சம் நீர் உறையும். ஒரு கிராம் ஆவியானால் ஏழரை கிராம் உறைகிறது. கடைசித் துளி நீரும் உறைந்த பிறகுதான் முள் அசையும். அப்போது பாத்திரத்தில் ஏறத்தாழ 84 கிராம் பனிக்கட்டி மிஞ்சியிருக்கும். 1810-இல் எடின்பரோவில் ஜான் லெஸ்லி இப்படித்தான் பனிக்கட்டி செய்தார். வரும் ஆவியை உறிஞ்சிக்கொள்ள அவர் பக்கத்தில் ஒரு தட்டில் கந்தக அமிலம் வைத்திருந்தார். இன்றும் பம்புக்கு இந்த உதவி தேவை. இல்லாவிட்டால் அதன் எண்ணெயில் நீர் கலந்து கெட்டுவிடும்.

முள்ளின் அந்த அடம்தான் வரைபடத்தின் மொத்த இலக்கணம். 1870-களில் அமெரிக்கரான ஜோசையா வில்லார்ட் கிப்ஸ் அதை ஒரு விதியாக எழுதினார். ஒரு பகுதிக்குள் இருக்கும்போது வெப்பநிலையையும் அழுத்தத்தையும் தனித்தனியே விருப்பம்போல் வைக்கலாம், இரண்டு சுதந்திரம். கோட்டின்மேல், இரண்டு நிலைகள் கூடியிருக்கும்போது, ஒன்றைத் தேர்ந்தால் மற்றது தானாக நிலைத்துவிடும், ஒரே சுதந்திரம். மும்மைப் புள்ளியில் சுதந்திரமே இல்லை. மூன்றையும் கூட்டி வைத்தால் வெப்பநிலை இதுதான் என்று நீரே சொல்லிவிடும்.

அளவையியலாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1954-இலிருந்து 2019 மே வரை கெல்வின் என்ற அலகே நீரின் மும்மைப் புள்ளியை 273.16 என்று வைத்து வரையறுக்கப்பட்டது. இப்போது வரையறை போல்ட்ஸ்மான் மாறிலிக்குப் போய்விட்டாலும், வெப்பமானிகளைச் சரிபார்க்கும் ஆய்வகங்களில் மும்மைப் புள்ளிக் குடுவை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அது நடுவில் குழாய் இறங்கிய ஒரு கண்ணாடி உருளை. மிகத் தூய நீரை ஊற்றி, காற்றை எடுத்து, உருக்கி மூடியது. நடுக்குழாயில் உலர்பனித் தூளைப் போட்டால் அதைச் சுற்றிப் பனிக்கட்டி உறைபோல் படியும். பிறகு ஒரு கணம் வெதுவெதுப்பான கம்பியை உள்ளே விட்டு, குழாயை ஒட்டிய பனியை மெல்லியதாக உருக்கி, பனியுறை தளர்ந்து சுழலும்படி விடுவார்கள். குடுவைக்குள் காற்று கசிந்துவிட்டதா என்று அறிய அனுபவசாலிகள் காதையே நம்புகிறார்கள். குடுவையைச் சாய்க்கும்போது நீர் மறுமுனையில் மோதி, உலோகம் தட்டியதுபோல் 'டக்' என்ற கூர்மையான சத்தம் வர வேண்டும். மெத்தென்று மோதினால் இடையில் காற்று இருக்கிறது.

0 டிகிரிக்கும் 0.01-க்கும் இடையே இந்தச் சிறு வித்தியாசம் எதற்கு என்பதும் இங்கேயே விளங்கும். 0 டிகிரி என்பது காற்றுக்கு அடியில் உருகும் பனியின் வெப்பநிலை. குடுவையில் காற்றின் ஒரு வளிமண்டல அழுத்தம் இல்லை. உருகுகோட்டின் கணக்குப்படி அதனால் 0.0075 டிகிரி ஏறுகிறது. மிச்சம் 0.0025, நீரில் காற்று கரையாமல் இருப்பதால் வருவது.

நீரின் மும்மைப் புள்ளிக்குப் பக்கத்திலேயே ஓர் உலகம் இருக்கிறது. செவ்வாயின் தரையில் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 0.6 கிலோபாஸ்கல். அங்கே திறந்த வெளியில் பனிக்கட்டி வெயிலில் சூடானால், பெரும்பாலான இடங்களில் உருகாமல் ஆவியாகிவிடும். ஏழு கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான ஹெல்லஸ் பள்ளத்தின் அடியில் அழுத்தம் ஒன்றுக்குச் சற்று மேலே. அந்த உயரத்தில் அடிக்கோலை வைத்தால் நீர்ப்பகுதி 0 டிகிரியிலிருந்து 10-க்குள் முடிந்துவிடுகிறது. அந்தக் குறுகிய பட்டைக்குள்தான் நீர் திரவமாக நிற்க முடியும், அதுவும் விரைவாக உலர்ந்துகொண்டே.

இனி, நடுவழியில் நின்றுபோன கொதிகோட்டின் முனை. நீருக்கு அது 374 டிகிரியில், காற்றழுத்தத்தைப்போல் 218 மடங்கில் இருக்கிறது. கோட்டின்மேல் ஏற ஏற ஆவி நெருக்கமாகிறது, நீர் விரிந்து தளர்கிறது. முனையில் இரண்டின் அடர்த்தியும் ஒன்றாகிவிடும். பிரிக்க வேறுபாடு இல்லாதபோது எல்லைக்கோடும் இல்லை. இதுதான் மாறுநிலைப் புள்ளி. பிரான்சில் காக்னியார் டி லா டூர் 1822-இல் மூடிய குழாய்களில் திரவங்களைச் சூடாக்கும்போது இடைப்பட்ட மட்டம் மறைவதைக் கண்டார். பெல்ஃபாஸ்டில் தாமஸ் ஆண்ட்ரூஸ் 1860-களில் கார்பன் டை ஆக்சைடை வைத்து அதை நுட்பமாக அளந்தார்.

கார்பன் டை ஆக்சைடின் படத்துக்கும் இதே கவைக்கொம்பு வடிவம்தான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. அதன் மும்மைப் புள்ளி மைனஸ் 56.6 டிகிரியில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று மேலே. நம்முடைய 101 கிலோபாஸ்கல் அடிக்கோல் அதற்கு அடியில் போகிறது, பதங்கமாதல் கோட்டை மட்டும் மைனஸ் 78.5-இல் வெட்டுகிறது. உலர்பனி உருகி நனைக்காமல் புகையாகப் போவதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. உருகுகோடு இங்கே வலப்பக்கம் சாய்ந்திருக்கும். மாறுநிலைப் புள்ளி வெறும் 31 டிகிரியில், 73 மடங்கு அழுத்தத்தில்.

அலுவலகச் சுவரில் தொங்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானில் அழுத்தமானி இருக்காது. பவுடர் வகையில் இருக்கும், இதில் இருக்காது. உள்ளே திரவமும் ஆவியும் கூடியிருக்கின்றன, அதாவது புள்ளி கொதிகோட்டின்மேல். 20 டிகிரியில் அழுத்தம் 57 மடங்கு, சிலிண்டர் நிறைய இருந்தாலும் கால்வாசி இருந்தாலும். முள் எதைக் காட்டப் போகிறது? அதனால்தான் பராமரிப்புக்கு வருபவர் அதைக் கழற்றித் தராசில் நிறுத்துகிறார். சமையல் எரிவாயு சிலிண்டரிலும் இதே நிலைதான். அது ஒரே பொருளல்ல, கலவை, அதனால் காலியாகக் காலியாக அழுத்தம் சற்று நகரும். ஆனாலும் எவ்வளவு மீதி என்று அறிய எடைதான் நம்பகமானது. 31 டிகிரியைத் தாண்டும் கோடை நண்பகலில் தீயணைப்பானுக்குள் திரவம் என்று ஒன்று இல்லவே இல்லை. உள்ளே நிறைந்திருப்பது திரவம்போல் அடர்ந்த, வாயுபோல் மட்டமில்லாத ஒன்று. அப்போது ஒரே சுதந்திரம் என்ற கட்டு போய்விடுகிறது. அழுத்தம் வெப்பநிலையோடு விரைவாக ஏறுகிறது, நிரப்பிய அளவையும் பொறுத்திருக்கிறது. இதற்காகவே அதை முழுக் கொள்ளளவுக்கு நிரப்புவதில்லை.

வரைபடம் சொல்லாதவையும் உண்டு. நேரத்தைப் பற்றி அது பேசுவதே இல்லை. மைனஸ் 5 டிகிரி என்ற புள்ளி பனிப்பகுதியில் இருந்தாலும், தூய நீர் அசையாமல் வைக்கப்பட்டால் உறையாமலே இருக்கும். உறைவதற்கு ஒரு தூசியோ பனித்துணுக்கோ பிடிமானமாக வேண்டும். மேகத்தின் சிறு துளிகள் மைனஸ் 35-ஐத் தாண்டியும் நீராகவே மிதக்கின்றன. எதிர்ப்பக்கம், மைக்ரோவேவில் வழவழப்பான கோப்பையில் சூடாக்கிய நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருந்து, கரண்டி பட்டதும் பொங்கித் தெறிக்கும். படம் காட்டுவது நீர் கடைசியில் எந்த நிலையில் அமைதியாகும் என்பதை மட்டும். உப்பு கலந்தால் படமே வேறு, அதற்கு இன்னொரு அச்சு வேண்டும்.

பாடப் புத்தகம் மேலே வெட்டி விட்டுவிட்ட பகுதியும் இருக்கிறது. உருகுகோடு எப்போதும் இடப்பக்கமே சாய்ந்துகொண்டு போவதில்லை. 2,000 மடங்குக்குச் சற்று மேல் அழுத்தத்தில், மைனஸ் 22 டிகிரியில், அது திரும்பி வலப்பக்கம் போகத் தொடங்குகிறது. அங்கே நமக்குப் பழக்கமான பனிக்கட்டி முடிந்து, மூலக்கூறுகள் இன்னும் நெருங்கி அடுக்கப்பட்ட வேறொரு பனிக்கட்டி ஆரம்பிக்கிறது. திரவமும் இரண்டு வகைப் பனிக்கட்டியும் கூடும் அந்தத் திருப்பமும் ஒரு மும்மைப் புள்ளிதான், அங்கே ஆவிக்கு இடமில்லை. குஸ்தாவ் தாம்மானும் அவருக்குப் பின் பெர்சி பிரிட்ஜ்மனும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மேல்பகுதியை வரைந்தார்கள். அதில் இன்னும் மேலே போனால், 10,000 மடங்கு அழுத்தத்துக்குப் பக்கத்தில், அறை வெப்பநிலையிலேயே நீர் உறைகிறது. அந்தப் பனிக்கட்டி நீரில் மிதப்பதில்லை, மூழ்கிவிடும்.